மெண்டலிய சமவாய்ப்பாக்கம்: ஒரு கடிதத்தில் பிறந்த முறை

1980களில், இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்தவர்களிடம் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. குறைவுதான் நோயைத் தந்ததா, மறைந்திருந்த நோய் கொலஸ்டிராலைக் குறைத்ததா? கொலஸ்டிராலைக் குறைக்கச் சொல்லும் மருத்துவருக்கு இது சிறிய ஐயமன்று.

1986இல் நெதர்லாந்து அறிவியலாளர் மார்ட்டின் கட்டன் 'லான்செட்' இதழுக்குக் கடிதம் எழுதினார். அப்போலிப்போபுரதம் ஈ மரபணுவின் ஈ2 வடிவம் உடையவர்களுக்குப் பொதுவாகக் கொலஸ்டிரால் குறைவு. கருவிலேயே அமைந்த மரபணுவைப் பின்னர் வரும் கட்டி மாற்றாது. ஆகவே குறைந்த கொலஸ்டிராலே காரணமென்றால், புற்றுநோயாளிகளிடையே ஈ2 கூடுதலாக இருக்கவேண்டும்.

அவரிடம் தரவு இல்லை, யோசனை மட்டுமே. முதியோரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது: குறைந்த கொலஸ்டிராலோடு புற்றுநோய் சேர்ந்திருந்தது, மரபணு வடிவத்தோடு சேரவில்லை. ஈ2 வேறு வழியிலும் புற்றுநோயைப் பாதிக்குமானால் இந்த வாதம் நிற்காது.