மசக்கை மாத்திரையின் வரலாறு: டாக்சிலமின் – பைரிடாக்சின்

மசக்கையின் குமட்டலுக்கும் வாந்திக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் டாக்சிலமின் – பைரிடாக்சின் கூட்டு மாத்திரை முக்கியமானது. டாக்சிலமின் ஒவ்வாமைக்குத் தரப்படும் பழைய வகை மருந்துகளில் ஒன்று. அது மூளைக்குள் எளிதில் நுழைந்து, விழிப்பாக இருக்க உதவும் இசுட்டமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பதால் தூக்கம் வரும். அமெரிக்காவில் அது தனியாகத் தூக்க மாத்திரையாகவே விற்கப்படுகிறது. பைரிடாக்சின் என்பது வைட்டமின் பி6.

தோற்றமும் மறைவும்

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெரல் நிறுவனம் 'பென்டெக்டின்' என்ற பெயரில் இம்மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அதில் டைசைக்ளோமின் என்ற மூன்றாவது மருந்தும் இருந்தது. அதனால் குமட்டல் குறையவில்லை எனத் தெரிந்ததும் 1976இல் அது நீக்கப்பட்டது. பிரிட்டனில் இந்த மாத்திரையின் பெயர் அப்போது 'டெபென்டாக்ஸ்' என இருந்தது.

தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்த துயரம் 1960களின் தொடக்கத்தில் உலகை உலுக்கியது. அதன்பின் கருவுற்ற பெண்கள் உட்கொள்ளும் எந்த மருந்தும் ஐயத்துக்கு உள்ளானது. பென்டெக்டின் மீதும் வழக்குகள் குவிந்தன. ஆய்வுகள் மருந்துக்கும் பிறவிக் குறைகளுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டவில்லை. ஆயினும் வழக்குச் செலவு பெருகியதால் 1983 சூன் மாதம் நிறுவனமே தயாரிப்பை நிறுத்தியது.

அதன் விளைவு கவனிக்கத்தக்கது. மருந்து நின்ற பிறகு அமெரிக்காவில் பிறவிக் குறைகள் குறையவில்லை. கடும் வாந்திக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கருவுற்ற பெண்களின் விகிதமோ உயர்ந்தது. இந்த மருந்து பற்றிய டாபர்ட் வழக்கில்தான் 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவியல் சாட்சியம் நம்பத்தக்கதா என நீதிபதி முதலில் சோதிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கனடாவில் இதே கூட்டு மருந்து 'டைக்லெக்டின்' என்ற பெயரில் தொடர்ந்து கிடைத்தது. 2013 ஏப்ரலில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதை 'டைக்லெஜிஸ்' என்ற பெயரில் மீண்டும் அனுமதித்தது.

இரவில் உட்கொள்வது ஏன்?

டைக்லெஜிஸ் மாத்திரை ஒன்றில் டாக்சிலமின் 10 மில்லிகிராம், பைரிடாக்சின் 10 மில்லிகிராம் உள்ளன. இதன் மேற்பூச்சு இரைப்பையில் கரையாது. குடலை அடைந்த பிறகே கரையும். அதனால் டாக்சிலமின் இரத்தத்தில் உச்ச அளவை எட்ட ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகிறது. அதன் அளவு பாதியாகக் குறைய மேலும் 10 முதல் 12 மணி நேரம் ஆகும்.

இரவு 10 மணிக்கு மாத்திரை உட்கொள்ளும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மருந்தின் உச்சம் அதிகாலை 5 மணி அளவில் அமையும். எழுந்தவுடன் வரும் குமட்டலுக்கு மருந்து தயாராக இருக்கும்; தூக்கக் கலக்கத்தின் பெரும்பகுதி உறக்கத்திலேயே கழிந்துவிடும். நள்ளிரவு கடந்து உட்கொண்டால் அந்த உச்சம் காலை 7 மணிக்கு மேல் தள்ளிப்போகும். மயக்கம் பகல் வேலையில் குறுக்கிடும். உணவுடன் உட்கொண்டாலும் மருந்து தாமதமாகும். எனவே வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். உடைத்தாலோ மென்றாலோ மேற்பூச்சின் பயன் போய்விடும்.

அனுமதிக்கப்பட்ட முறை படிப்படியானது. முதல் நாள் படுக்கும்போது இரண்டு மாத்திரைகள். அதில் குமட்டல் அடங்கினால் அந்த அளவே போதும். இரண்டாம் நாள் பிற்பகலிலும் குமட்டல் நீடித்தால், அன்றிரவு வழக்கம்போல் இரண்டு. மூன்றாம் நாள் காலையில் ஒன்று, இரவில் இரண்டு. அதுவும் போதாவிட்டால் நான்காம் நாள் முதல் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, இரவில் இரண்டு. நாளுக்கு நான்குக்கு மேல் கூடாது. குமட்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளாமல், மருத்துவர் சொல்லும்வரை நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மருந்து இது.

எச்சரிக்கைகள்

பகல் வேளை மாத்திரை சேரும்போதுதான் தூக்கக் கலக்கம் கூடுதலாகத் தெரியும். கண் செருகுதல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் கவனம் சிதறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அந்நிலையில் வண்டி ஓட்டக் கூடாது. தூக்க மாத்திரை, தூக்கம் தரும் இருமல் மருந்து, மது ஆகியவை மயக்கத்தை மிகுவிக்கும். சிலவகை மனச்சோர்வு மருந்துகளுடன் இதைச் சேர்க்கவே கூடாது என்பதால், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் விற்கப்படும் வகைகளில் மருந்தின் அளவு வேறுபடுகிறது. சிலவற்றில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்துள்ளது. 20 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 10 மில்லிகிராம் மாத்திரை இரண்டுக்குச் சமம். ஆகவே மாத்திரைகளை எண்ணுவதற்கு முன் அட்டையில் உள்ள அளவைப் பார்ப்பது அவசியம்.

எல்லா வாந்தியும் இம்மாத்திரைக்கு அடங்காது. குடித்த தண்ணீரும் தங்காமை, சிறுநீர் குறைந்து அடர்நிறமாதல், எடை குறைதல் ஆகியவை கடும் வாந்தி நோயைக் காட்டும். அப்போது மாத்திரையைக் கூட்டாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு நரம்பு வழியாக நீரும் உப்புகளும் ஏற்றப்படும்.