குளியலறைக் குழாய்க் கணக்கு

குளியலறையின் வரைபடத்தை வைத்து, தண்ணீர்க் குழாய் எத்தனை அடி வேண்டும், அதை இணைக்கும் எல்போ, டீ போன்றவை எத்தனை என்று கடைக்குப் போகுமுன் எண்ணி எழுதுவதே குழாய்க் கணக்கு. தமிழ்நாட்டு வீடுகளில் இன்று பரவலாகச் சுவருக்குள் பதிக்கப்படும் சிபிவிசி குழாய் பொதுவாக 10 அடி நீளத்தில் விற்கப்படுகிறது.

எட்டடி நீளச் சுவர் ஒன்றிலேயே எல்லாம் அமைந்த அறையை எடுத்துக்கொள்ளலாம்; குளிர்நீர் மட்டும். மூலையிலிருந்து 2 அடியில் வாஷ்பேசின், நாலரை அடியில் கழிப்பீடம், 7 அடியில் வாளிக் குழாயும் ஷவரும். தரைப்படத்தில் தெரிவது இந்த 7 அடி ஓட்டம் மட்டுமே. கணக்கு தவறுவதும் இங்கேதான். தண்ணீர் 8 அடி உயரத்தில் சுவருக்குள் நுழைந்து 2 அடி உயரம் வரை இறங்க 6 அடி, கழிப்பீடத்துக்குக் கீழிறங்க 1 அடி, ஷவருக்கு மேலேற 5 அடி என்று, படத்தில் இல்லாத செங்குத்துக் குழாயே 12 அடி. ஆகவே தரைப்படத்துடன் சுவர்ப்படமும் வரைய வேண்டும். உயரங்களை டைல் பதித்த தரைமட்டத்திலிருந்து அளக்க வேண்டும். வெறும் கான்கிரீட்டிலிருந்து அளந்தால் எல்லா வாய்களும் தாழ்ந்துபோகும்.

இறக்கமும் கிடை ஓட்டமும் முக்கால் இன்ச்: 13 அடி, அதாவது இரண்டு நீளம். கிளைகள் அரை இன்ச்: 6 அடி, ஒரு நீளம். முக்கால் இன்ச் குழாய் மிஞ்சுவது 7 அடி. நேராக ஒட்டும் கப்ளர் இதில் தேவையில்லை. வால்வும் டீயும் குழாயை 4, 2, இரண்டரை அடித் துண்டுகளாகப் பிரித்துவிடுவதால் அவையே இணைப்பாகிவிடுகின்றன.

இனி தண்ணீர் போகும் வழியிலேயே எண்ணலாம். நுழையுமிடத்தில் ஓர் எல்போ, 6 அடி உயரத்தில் ஒரு பால் வால்வு, இறங்கித் திரும்புமிடத்தில் இன்னொரு எல்போ. வாஷ்பேசினுக்கு அரை இன்ச் மரையுள்ள பித்தளை டீ, கழிப்பீடத்துக்கு அரை இன்ச்சாகப் பிரியும் ரெடியூசர் டீ, கடைசித் திருப்பத்தில் ரெடியூசர் எல்போ. அரை இன்ச் பகுதியில் வாளிக் குழாய்க்கு ஒரு பித்தளை டீ; கழிப்பீடத்துக்கும் ஷவருக்கும் ஒவ்வொரு பித்தளை எல்போ. கழிப்பீட வாயில் இருவழி ஆங்கிள் காக் மாட்டினால் ஃபிளஷ் தொட்டிக்கும் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் அதுவே போதும். ஷவருக்கான கன்சீல்டு வால்வு உள்மரை கொண்ட உலோக வகையானால் அதன் இருபுறமும் வெளிமரை அடாப்டர் வேண்டும். பட்டியலில் அடிக்கடி விடுபடுவது இந்த இரண்டும்தான்.

பித்தளை வாய்கள் டைலின் முகமட்டத்துக்கு வர வேண்டும். சுவருக்குள் ஆழ்ந்துவிட்டால் பிறகு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் வாங்க நேரும். வாய்கள் நான்கு என்பதால் அடைக்கும் பிளக்கும் நான்கு. அவற்றை மாட்டி, நீரேற்றி அழுத்தம் கொடுத்து, எங்கும் கசியவில்லை என்று பார்த்த பிறகே சுவர் பூசப்படுகிறது.