சங்கிலி ஒன்று, குற்றம் மூன்று: திருட்டா, ஏமாற்றுதலா, நம்பிக்கை மோசடியா?

ஆயிஷா என்ற பெண்ணின் ஐந்து பவுன் சங்கிலி ஓர் அடகுக் கடையில் இருக்கிறது, வைத்தவர் எதிர்வீட்டு ஜமீலா என்று கற்பனை செய்துகொள்வோம். தெருவில் எல்லோரும் ‘திருட்டு’ என்றே சொல்வார்கள். ஆனால் சட்டம் முதலில் கேட்பது, சங்கிலி ஜமீலாவின் கைக்கு எப்படி வந்தது என்பதைத்தான்.

ஆயிஷா குளிக்கப் போன நேரத்தில் மேசைமேல் இருந்ததை ஜமீலா எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் அது திருட்டு. ஆயிஷாவின் வசம் இருந்த பொருள், அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற நோக்கத்துடன் நகர்த்தப்பட்டிருக்கிறது. வாசலைத் தாண்டும் முன்பே பிடிபட்டாலும் குற்றம் முடிந்துவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் நடந்ததால் 305-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை தண்டனை கிடைக்கலாம்.

இப்போது கதையைச் சற்று மாற்றுவோம். ஹஜ்ஜுக்குப் போகும் ஆயிஷா, “திரும்பி வரும்வரை வைத்திருங்க லாத்தா” என்று தானே சங்கிலியைக் கொடுக்கிறார். நாம் அமானிதம் என்று சொல்வது இதுதான். இரண்டு வாரம் பத்திரமாக வைத்திருந்த ஜமீலா, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை அடகு வைக்கிறார். பொருள் ஜமீலாவின் வசமே இருந்ததால் இது திருட்டாகாது. 316-வது பிரிவின்படி நம்பிக்கை மோசடி, ஐந்து ஆண்டு வரை தண்டனை. ‘மீட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்’ என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது. நேர்மையற்ற முறையில் தற்காலிகமாகப் பயன்படுத்துவதும் கையாடல்தான்.

மூன்றாவதாக, “மகளுக்கு நிச்சயதார்த்தம், ஒருநாள் போட்டுக்கொள்ளத் தாங்க” என்று கேட்டு வாங்குகிறார் ஜமீலா. நிச்சயதார்த்தமே இல்லை. சம்மதம் பொய்யால் பெறப்பட்டது. இது 318-வது பிரிவின் ஏமாற்றுதல், ஏழு ஆண்டு வரை.

பின்னிரண்டிலும் ஆயிஷா தன் கையால்தான் கொடுத்தார். வித்தியாசம், கெட்ட எண்ணம் எப்போது பிறந்தது என்பதில் இருக்கிறது. ஏமாற்றுதலில் வாங்கும்போதே இருக்க வேண்டும்; பின்னால் திருப்பித் தராதது மட்டும் அதை நிரூபிக்காது. அடகு ரசீதில் வாங்கிய அதே நாள் தேதி இருப்பது, மணமகன் வீடு என்று யாருமே இல்லாதது போன்றவைதான் அதைக் காட்டும்.

புகார் எழுதும்போது இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் போட்டால் வலு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரே சம்பவத்தில் இரண்டும் சேர்ந்திருக்க முடியாது என்று டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே கொடுத்த தேதி, அப்போது பேசிய வார்த்தைகள், உடனிருந்தவர் யார் என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

ஆயிஷா சங்கிலிக்குப் பதில் ரொக்கத்தைக் கைமாற்றாகக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. கடன் பணம் வாங்கியவருக்கே சொந்தமாகிவிடுகிறது. வாங்கும்போதே பொய் சொல்லியிருந்தாலொழிய, திருப்பித் தராததற்குப் போக வேண்டிய இடம் சிவில் நீதிமன்றம்தான்.