சைக்கிள் ஏன் விழுவதில்லை: என் பழைய பாடத்துக்கு ஒரு திருத்தம்



இன்று ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்னிடம் ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் அறிவியல் படித்தவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும். உங்கள் நோட்டில் நான் எழுத வைத்த ஒரு வரியை அடிக்க வேண்டும்.

நினைவிருக்கிறதா? சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி வகுப்புக்குக் கொண்டு வருவேன். ஒருவரை அச்சின் இரண்டு முனையையும் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, "இப்போது சாய்த்துப் பார்" என்பேன். சாய்க்கவே முடியாது, சக்கரம் முரண்டு பிடிக்கும். "பார்த்தீர்களா, சுற்றும் பம்பரம் விழாததுபோல, சுற்றும் சக்கரம் சைக்கிளை நிமிர்த்திப் பிடிக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்" என்று முடிப்பேன்.

ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், ஒரு சந்தேகமுங்க. எங்க ஊர் இட்டேரியில மாட்டுவண்டித் தடத்துக்குள்ள முன்சக்கரம் எறங்கிட்டா, எவ்வளவு வேகமாப் போனாலும் விழுந்துடறமுங்க. சக்கரம் சுத்திக்கிட்டுத்தானுங்க இருக்கு?"

"தடம் தட்டிவிடுகிறது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அது பதில் அல்ல என்று அப்போதே எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவன் கேட்ட கேள்வியிலேயே விடை இருந்திருக்கிறது.

முதலில் ஓர் ஆறுதல். இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை. ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் கிளைன், ஆர்னால்டு சோமர்ஃபெல்ட் என்ற இரண்டு பெரிய மேதைகள் பம்பரத்தின் கணக்கைப் பற்றியே நான்கு பாகங்கள் எழுதினார்கள். 1910-ல் வந்த கடைசிப் பாகத்தில் சைக்கிளும் வருகிறது. ஆள் இல்லாமல் உருளும் சைக்கிள் விழாதிருக்கச் சக்கரத்தின் சுழற்சி அவசியம் என்று அதில் முடிவு செய்தார்கள். அந்தக் கருத்து நுணுக்கங்களை இழந்து, சுருங்கிச் சுருங்கிப் பாடப் புத்தகங்களுக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் வந்து சேர்ந்தது.

சரி, சக்கரம் எவ்வளவு தாங்குகிறது? ஒரு கணக்குப் போடுவோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 4.2 மீட்டர். வண்டி இடது பக்கம் 5 டிகிரி சாய்கிறது. மொத்த எடையின் மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால், கீழே தள்ளும் முறுக்கு விசை சுமார் 68 நியூட்டன் மீட்டர்.

சக்கரத்தின் எடை பெரும்பாலும் ரிம்மிலும் டயரிலும்தான் இருக்கிறது. ஒரு சக்கரத்துக்கு அதை 2 கிலோ என்று வைப்போம். அந்த வேகத்தில் இரண்டு சக்கரங்களின் சுழற்சியை மட்டும் வைத்து 68-ஐத் தாங்க வேண்டுமென்றால், சைக்கிள் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை முழு வட்டம் சுற்ற வேண்டும்! பம்பரம் தலையாட்டிக்கொண்டு சுற்றுமே, அப்படி. எந்தச் சைக்கிளும் அப்படிப் போவதில்லை.

அப்படியானால் சாய்ந்த வண்டியைத் தாங்குவது எது? வண்டி இடது பக்கம் சாயும்போது ஹேண்டில்பாரையும் இடது பக்கமே லேசாகத் திருப்பினால் போதும். பேருந்து வளைவில் திரும்பும்போது நம் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுகிறதல்லவா? அதே தள்ளுதல்தான் சாய்ந்த வண்டியை நிமிர்த்துகிறது. நம் கணக்கில் சுமார் 20 மீட்டர் ஆரமுள்ள பெரிய வளைவே 5 டிகிரி சாய்வைத் தாங்கிவிடும். அந்த வளைவில் சக்கரச் சுழற்சியும் நிமிர்த்தத்தான் உதவுகிறது. ஆனால் அதன் பங்கு 68-ல் ஏறத்தாழ 1 மட்டுமே. நூறு ரூபாய்ச் செலவில் இரண்டு ரூபாய்கூடத் தேறாது.

உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கம்பு எந்தப் பக்கம் விழப் போகிறதோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துவோம். சைக்கிளும் அதையேதான் செய்கிறது. மேலே உடம்பு சாயும் பக்கத்துக்குக் கீழே சக்கரங்களைக் கொண்டுபோகிறது. கொண்டுபோகும் கருவி ஹேண்டில்பார். வண்டித் தடம் அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டால், சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் விழ வேண்டியதுதான். அந்தப் பையன் சொன்னது இதுவே.

வேகம் குறைந்தால் ஏன் தள்ளாடுகிறோம் என்பதும் இதே கணக்கில் புரியும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அதே 5 டிகிரி சாய்வைத் தாங்க இரண்டே கால் மீட்டர் ஆரத்தில் வளைய வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கானால் வளைவின் ஆரம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. காந்திபுரம் சிக்னலில் பேருந்துகளுக்கு நடுவே ஊர்ந்து வரும் சைக்கிள்காரரைக் கவனியுங்கள். ஹேண்டில்பாரை இடதும் வலதுமாக எவ்வளவு ஒடிக்கிறார்! சிக்னலைத் தாண்டி வேகம் பிடித்ததும் அந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1869-லேயே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், வண்டியைச் சமன் செய்வது முன்சக்கரத்தைத் திருப்புவதால்தான் என்று விளக்கி எழுதியிருக்கிறார். வலது பக்கம் திரும்ப நினைப்பவர் முதலில் ஒரு கணம் இடது பக்கம் திருப்பித்தான் வலப்பக்கச் சாய்வை உண்டாக்குகிறார் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார்.

சக்கரச் சுழற்சியின் கதையை நேரடியாகச் சோதித்தவர் டேவிட் ஜோன்ஸ். இங்கிலாந்துக்காரர், தொழிலால் வேதியியலாளர். யாராலும் ஓட்ட முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்துவிட்டால், வண்டி நிற்பதன் காரணம் பிடிபட்டுவிடும் என்று நினைத்தார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையைத் தொடாதபடி இன்னொரு சக்கரத்தை மாட்டி, அதை எதிர்த் திசையில் சுற்றிவிட்டார். ஒன்றின் சுழற்சியை மற்றொன்று அழித்துவிடும். ஏறி ஓட்டிப் பார்த்தால் சாதாரணமாக ஓட்ட முடிந்தது! இதை 1970-ல் வெளியிட்டார்.

ஆனால் அதே சைக்கிளை ஆள் இல்லாமல் தள்ளிவிட்டபோது சீக்கிரமே விழுந்தது. ஆகவே சுழற்சிக்கு ஒரு வேலை இருக்கிறது. அது என்ன வேலை?

இங்கேதான் எனக்கு வெட்கமாகிப் போனது. வகுப்பில் சுற்றும் சக்கரத்தைச் சாய்க்க முயன்றவர்கள் எல்லோரும் "டீச்சர், கை திருகுதுங்க" என்பீர்கள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. சுற்றும் சக்கரம் சாய்வதற்கு வெறுமனே மறுப்பதில்லை. சாய்க்கப் போனால் பக்கவாட்டில் திரும்புகிறது. உருளும் முன்சக்கரம் இடது பக்கம் சாய்ந்தால் இடது பக்கமே திரும்பப் பார்க்கும். சக்கரச் சுழற்சி வண்டியைத் தாங்குவதில்லை, ஹேண்டில்பாரைச் சரியான பக்கம் திருப்பி விடுகிறது. 80 கிலோவைத் தாங்கப் பெரிய விசை வேண்டும். ஹேண்டிலைத் திருப்பச் சிறிய விசை போதும்.

இந்த உதவியைச் செய்ய இன்னொன்றும் இருக்கிறது. முன் ஃபோர்க் சாய்வாக இருக்கும். ஹேண்டில் திரும்பும் அச்சை ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். வீட்டிலேயே பார்க்கலாம். சைக்கிளைச் சீட்டை மட்டும் பிடித்து நிறுத்தி, இடது பக்கம் சாயுங்கள். சக்கரம் சுற்றவே இல்லை, ஆனாலும் ஹேண்டில்பார் தானாக இடது பக்கம் திரும்பும்.

இந்த இரண்டையும் எடுத்துவிட்டால்? 2011-ல் அமெரிக்காவின் கார்னெல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஐவர் அப்படி ஒரு சிறு வண்டியைச் செய்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். எதிர்ச் சுழற்சிச் சக்கரங்கள் வைத்துச் சுழற்சியை அழித்தார்கள். டயர் தொடும் இடத்தை அந்தக் கோட்டுக்கு 4 மில்லிமீட்டர் முன்னால் வைத்தார்கள். ஆளில்லாமல் தள்ளிவிட்டாலும் அது விழாமல் ஓடியது, பக்கத்தில் தட்டினாலும் நிமிர்ந்துகொண்டது. அதன் முன்பகுதியின் எடையை அவர்கள் அமைத்த விதத்தால், வண்டி சாயும்போது அந்த எடையே ஹேண்டிலைச் சாயும் பக்கம் திருப்பிவிட்டது. ஆக, சாயும் பக்கம் ஹேண்டில் திரும்பப் பல காரணங்கள் இருக்கலாம். அது திரும்பியே ஆக வேண்டும்.

ஆள் ஏறி ஓட்டும்போது இதில் பெரும்பங்கு நம் கைகளுடையது. கற்றுக்கொள்ளும்போது கடினமும் அதுதான். இடது பக்கம் விழப் போகிறோம் என்றால் மனம் வலது பக்கம் ஒடிக்கச் சொல்லும். ஒடித்தால் விழுவோம். குரங்குப் பெடல் போட்ட எல்லோரும் முழங்கால் தேய்ந்து கற்றது, விழும் பக்கமே திருப்ப வேண்டும் என்பதைத்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிளுக்கு வந்ததாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லோரும் கற்றார்கள். புடவை கட்டிய வளர்ந்த பெண்கள், பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியிலேயே கற்றார்கள். கோண உந்தம் என்ற சொல்லை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. நான் வகுப்பில் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அவர்களுடைய கைகள் அதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தன.

எனவே, "சுற்றும் சக்கரம் சைக்கிளை நிமிர்த்திப் பிடிக்கிறது" என்ற வரியை அடித்துவிடுங்கள். பதிலாக இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "சைக்கிள் சாயும் பக்கம் ஹேண்டில்பார் திரும்புவதால், சக்கரங்கள் உடம்புக்குக் கீழே வந்துவிடுகின்றன. அதனால் அது விழுவதில்லை. சக்கரத்தின் சுழற்சி அந்தத் திருப்பத்துக்கு உதவுகிறது."

கடைசி பெஞ்சில் எழுந்து கேட்ட கண்ணு, நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுது. அன்று உன்னை உட்காரச் சொன்னது தப்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காந்திபுரம், கோவை