வாக்குரிமையைப் பறித்த ஓர் எழுத்தாணை

எழுத்தாணை என்றாலே அரசுக்கு எதிராகச் சாமானியன் கேட்பது என்று நாம் நினைக்கிறோம். மலையகத் தமிழரின் வரலாற்றில் அது தலைகீழாகவும் நடந்திருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றும் சட்டம் வந்தது. ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன் பிள்ளை கேட்டார். பதிவு அதிகாரி மறுத்தார். மீளாய்வு அதிகாரியோ, அச்சட்டங்கள் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று சொல்லி, பெயரைச் சேர்க்க உத்தரவிட்டார்.

உடனே பதிவு அதிகாரி முதன்நாயக்க உயர் நீதிமன்றத்தில் 'சேர்ஷியோராரி' கேட்டார். அதிகாரம் மீறியோ சட்டம் பிழைத்தோ எடுக்கப்பட்ட முடிவை ரத்துச் செய்வதே இந்த எழுத்தாணை. பிரஜாவுரிமைச் சட்டம் செல்லும் என்று கருதிய நீதிமன்றம், 1951இல் உத்தரவை ரத்துச் செய்தது. 1953இல் லண்டன் பிரிவுக் கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது.

மற்ற இரண்டும் இங்கே ஏன் பொருந்தவில்லை? முடிவு வருமுன் அதிகாரம் மீறுவோரைத் தடுப்பது தடையீட்டு எழுத்தாணை. இங்கே முடிவு வந்துவிட்டது. சட்டம் விதித்த கடமையைச் செய்ய வைப்பது 'மாண்டமஸ்'. சட்டம் செல்லும் என்றான பிறகு, பெயரைச் சேர்க்கும் கடமையே அதிகாரிக்கு இல்லை.

எழுத்தாணை சட்டம் மீறுவோரைத்தான் திருத்தும். சட்டமே அநீதியானால் அதன் கை எட்டாது.