அலாரத்தை அணைக்க ஒரு வேலை

அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கும் வழக்கத்துக்கு 1956-இலேயே ஒரு பட்டன் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் - டெலிக்ரான் வெளியிட்ட "ஸ்நூஸ் அலாரம்" தான் அது. கை எட்டும் தூரத்தில் பட்டன் இருந்தால் எப்படி எழுவது?

இந்தச் சிக்கலுக்கு எம்.ஐ.டி. மாணவி கௌரி நந்தா ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் செய்த "க்ளாக்கி" கடிகாரம் சக்கரங்களில் உருண்டோடி அறையில் எங்காவது ஒளிந்துகொள்ளும். அதைத் தேடிப் பிடித்துத்தான் அணைக்க முடியும். 2005-இல் இதற்குப் பொருளாதாரப் பிரிவில் "இக் நோபல்" பரிசு கிடைத்தது! (வேடிக்கைப் பரிசுதான், ஆனாலும் பரிசு.)

பிறகு வந்த "அலார்மி" போன்ற செல்போன் செயலிகள் ஓடுவதில்லை. நம்மை ஓட வைக்கின்றன. கணக்குப் போடு, போனைக் குலுக்கு, பார்கோடைக் காட்டு என்கின்றன.

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குக் காலை ஷிப்ட் போகும் என் நண்பன் முதலில் கணக்கைத்தான் வைத்தான். ஒரு வாரத்தில் படுத்துக்கொண்டே விடை சொல்லப் பழகிவிட்டான். அடுத்து குழாயடியைப் படம் எடுக்கும் வேலை. மூலப்படத்தைப் பகலில் எடுத்திருந்ததால், விடியுமுன் இருட்டில் எடுத்த படம் பொருந்தவில்லை. அலாரம் அலற, வீடே எழுந்துவிட்டது. கடைசியில் அடுப்படி டீத்தூள் பாக்கெட்டின் பார்கோடுதான் கைகொடுத்தது. அங்கே போய் விளக்கைப் போட்டாக வேண்டும் அல்லவா? ஒரே தொல்லை, பாக்கெட் காலியானால் தூக்கி எறியக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைக்க வேண்டும்.