வரிசை எண்ணும் முதலீட்டு விகிதமும்: இந்தியாவில் லார்ஜ் கேப், மிட் கேப், ஸ்மால் கேப் ஃபண்டுகள் வகைப்பட்ட வரலாறு

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கக்கூடிய ஒருவர், பெரிய, நடுத்தர, சிறிய நிறுவனப் பங்குகளில் முதலிடும் ஃபண்டுகளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பழைய வருமான அட்டவணைகளை வைத்தே விடை சொல்லப்படுகிறது. அட்டவணையில் ஸ்மால் கேப் மேலே நின்றால், நீண்ட காலத்துக்கு அதுவே ஏற்றது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் இந்தியாவில் இந்த மூன்று பெயர்களுக்கும் உறுதியான பொருள் கிடைத்தது 2017 இறுதியில்தான். அதற்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் ஒரே கோட்டில் வைத்துப் படிக்க முடியாது. விகிதத்தை முடிவு செய்யுமுன் இந்த வகைப்பாடு வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெயர் முந்தியது, வரையறை பிந்தியது

1964இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கிய யு.எஸ்-64 திட்டத்தில் நிறுவனத்தின் அளவு என்ற பேச்சே இல்லை. தனியார் துறைக்குக் கதவு திறந்த 1993இல், சென்னையின் கோத்தாரி குழுமம் அமெரிக்காவின் பயனீருடன் சேர்ந்து தொடங்கிய கோத்தாரி பயனீர் நிறுவனம், அதே ஆண்டு டிசம்பரில் புளூசிப், பிரைமா என்ற இரண்டு ஃபண்டுகளை ஒன்றாகக் கொண்டுவந்தது. முதலாவது பெரிய நிறுவனங்களுக்கானது. இரண்டாவது வளரும் நிறுவனங்களைத் தேடியது. இன்று அது மிட் கேப் பிரிவில் இருக்கிறது. பிற்பாடு இரண்டும் ஃபிராங்க்ளின் டெம்பிள்டனுக்குக் கைமாறின. பெரியது ஒரு கூடையில், வளர்வது இன்னொரு கூடையில் என்ற பிரிவினை இந்த நாட்டில் அப்போதே வேர்விட்டிருந்தது என்பதற்கு இந்த இணை நல்ல சான்று.

ஆனால் எது பெரியது, எது நடுத்தரம் என்பதை ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. ஒருவர் சந்தை மதிப்பில் ரூபாய் எல்லை வைத்தார். இன்னொருவர் ஏதோ ஒரு குறியீட்டில் இடம்பெற்ற நிறுவனங்களை எல்லையாகக் கொண்டார். லார்ஜ் கேப் என்ற பெயரில் கணிசமாக மிட் கேப் பங்குகளை வைத்திருந்த ஃபண்டு, சந்தை ஏறும்போது தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. முதலீட்டாளர் அதை மேலாளரின் திறமை என்று நம்பினார். உண்மையில் கூடுதல் வருமானத்தின் ஒரு பகுதி, கூடுதல் இடர் எடுத்ததால் வந்தது.

2017 அக்டோபர் 6 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு முடிவு கட்டியது. சந்தை மதிப்பின்படி நிறுவனங்களை வரிசைப்படுத்தி, முதல் 100 லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251ஆம் இடத்திலிருந்து எல்லாமே ஸ்மால் கேப் என்றது. லார்ஜ் கேப் ஃபண்டு குறைந்தது 80 சதவீதத்தையும், மிட் கேப், ஸ்மால் கேப் ஃபண்டுகள் குறைந்தது 65 சதவீதத்தையும் தத்தம் பிரிவில் வைத்திருக்க வேண்டும். ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி, ஆறு மாதச் சராசரி மதிப்பை வைத்து ஜூன், டிசம்பர் முடிவில் பட்டியலைப் புதுப்பிக்கிறது. 2018 பிப்ரவரியிலிருந்து ஒப்பீட்டுக் குறியீட்டிலும் டிவிடெண்டைச் சேர்த்தே காட்ட வேண்டியதாயிற்று. அதுவரை ஃபண்டின் வருமானத்தில் டிவிடெண்ட் சேர்ந்திருக்க, குறியீட்டில் அது விடுபட்டிருந்ததால், ஃபண்டுகள் உள்ளதைவிடச் சற்று உயரமாகத் தெரிந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செபி வைத்தது ரூபாய் எல்லை அல்ல, வரிசை எண். முதல் பட்டியலில் 100ஆவது நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 29,000 கோடி ரூபாய். 2024 இறுதியில் அதே இடத்தைப் பிடிக்க ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி வேண்டியிருந்தது. 250ஆவது இடத்துக்கான எல்லை 8,500 கோடியிலிருந்து 33,000 கோடியை ஒட்டி உயர்ந்தது. அதாவது 2017இல் லார்ஜ் கேப் என்று மதிக்கப்பட்ட அளவுள்ள ஒரு நிறுவனம், அதே அளவில் நின்றிருந்தால் 2024 முடிவில் ஸ்மால் கேப் ஆகியிருக்கும். ஆகவே 2005ஆம் ஆண்டின் ஸ்மால் கேப் ஃபண்டு வாங்கிய பங்குகளும் இன்றைய ஸ்மால் கேப் ஃபண்டு வாங்கும் பங்குகளும் ஒரே ரகம் அல்ல. டி.எஸ்.பி. மைக்ரோ கேப் என்று 2007இல் தொடங்கிய ஃபண்டு, புது விதிக்குப் பின் டி.எஸ்.பி. ஸ்மால் கேப் ஆனது. பெயரோடு வரம்பும் மாறிய பிறகு, அதன் முழு வரலாற்றையும் ஒரே சராசரியாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிறிய பங்குகளின் சந்தை எவ்வளவு குறுகலானது

2020 செப்டம்பர் 11 அன்று, மல்ட்டி கேப் ஃபண்டுகள் மூன்று பிரிவிலும் தலா 25 சதவீதமாவது வைத்திருக்க வேண்டும் என்று செபி அறிவித்தது. அதுவரை அவற்றில் பல, பெரும்பகுதியை லார்ஜ் கேப்பில்தான் வைத்திருந்தன. அடுத்த வர்த்தக நாளான திங்கட்கிழமை, ஃபண்டுகள் இனி வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற எதிர்பார்ப்பிலேயே ஸ்மால் கேப் குறியீடு ஐந்து சதவீதத்துக்கு மேல் தாவியது. நவம்பரில் ஃபிளெக்ஸி கேப் என்ற புதுப் பிரிவை செபி உண்டாக்கியது. பழைய மல்ட்டி கேப் ஃபண்டுகள் பலவும் அதற்குள் போய் அமர்ந்துகொண்டன.

வாங்கும் எதிர்பார்ப்பே விலையை இவ்வளவு தூக்குமானால், எல்லோரும் விற்க வரும் நாளில் என்ன ஆகும்? 2023இல் ஸ்மால் கேப் ஃபண்டுகளுக்கு நிகரமாக ஏறத்தாழ 41,000 கோடி ரூபாய் வந்தது. லார்ஜ் கேப் ஃபண்டுகளிலிருந்து பணம் வெளியேறியது. 2024 மார்ச் முதல், மிட் கேப், ஸ்மால் கேப் ஃபண்டுகள் தங்கள் பங்குகளில் கால் பங்கையும் பாதியையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்று வெளியிட வேண்டியதாயிற்று. பெரிய ஸ்மால் கேப் ஃபண்டுகள் சில, பாதியை விற்க ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும் என்றன. ஃபண்டின் அளவு கூடக் கூட இந்த நாள்கணக்கும் கூடுகிறதா என்பதை மாதாமாதம் பார்த்துவருவது, வருமானத்தைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

2018 முதல் 2024 வரை: ஒரு கணக்கு

2018 ஜனவரி உச்சத்தில் ஸ்மால் கேப் 100 குறியீடு 9,600 அளவில் இருந்தது. 2020 மார்ச்சில் அது 3,200 அளவுக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதே இடைவெளியில் மிட் கேப் 100 ஏறத்தாழ பாதியையும், நிஃப்டி 50 ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும் இழந்தன. இந்த எளிய பின்னங்களை வைத்தே இரண்டு முதலீடுகளை ஒப்பிடலாம்.

ஒருவர் பத்து லட்சத்தை லார்ஜ், மிட், ஸ்மால் வரிசையில் 70:20:10 என்று பிரிக்கிறார். ஏழு லட்சத்தில் 2.33 லட்சம், இரண்டு லட்சத்தில் ஒரு லட்சம், ஒரு லட்சத்தில் 67 ஆயிரம் என மொத்தம் நான்கு லட்சம் குறைந்து, கையில் ஆறு லட்சம் நிற்கும். இன்னொருவர் 30:30:40 என்று பிரித்தால் 5.17 லட்சம் குறைந்து 4.83 லட்சம் நிற்கும். முதலாமவர் பழைய இடத்துக்கு வர 67 சதவீதம் ஏற வேண்டும். இரண்டாமவருக்கு 107 சதவீதம் வேண்டும். இந்த இறக்கம் ஒரே மாதத்தில் வந்ததல்ல. 2018இல் நிஃப்டி சுமார் மூன்று சதவீதம் ஏறியிருந்தபோது ஸ்மால் கேப் 100 குறியீடு 29 சதவீதம் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரரின் பணம் வளர, தன்னுடையது இரண்டு ஆண்டுகளாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் 2020 மார்ச்சில் விற்றுவிட்டால், அதன் பிறகு வந்த ஏற்றம் அவருக்கு இல்லை.

அந்த ஏற்றம் பெரியதுதான். அடித்தளத்திலிருந்து 2024 செப்டம்பர் உச்சம் வரை ஸ்மால் கேப் 100 ஏறத்தாழ ஆறு மடங்கானது. நிஃப்டி மூன்றரை மடங்கைத் தொட்டது. ஆனால் 2018 உச்சத்திலிருந்து 2024 உச்சம் வரை அளந்தால், ஸ்மால் கேப் ஏறத்தாழ இரண்டு மடங்கு, நிஃப்டி 2.3 மடங்குக்கு மேல். அதே குறியீடு, அதே முடிவு நாள். தொடக்க நாள் மட்டும் வேறு. எஸ்.ஐ.பி. வழியாக மாதாமாதம் போட்டவர் இறக்கத்தில் மலிவாக வாங்கியதால் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றிருப்பார். சிறிய பங்குகளில் திறமையான மேலாளர் குறியீட்டைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தாண்டப்போகிறவர் யார் என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

சிறிய பங்குகள் நீண்ட காலத்தில் கூடுதல் வருமானம் தரும் என்ற கருத்து ரோல்ஃப் பான்ஸ் 1981இல் அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியது. பிந்தைய ஆய்வாளர்கள், பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்களின் இழப்பு அக்காலத் தரவுகளில் முழுமையாகப் பதிவாகவில்லை என்று காட்டினார்கள். அங்கும் அந்தக் கூடுதல் வருமானம் பின்னர் வலுவிழந்தது.

எவ்வளவு ஒதுக்கலாம்

வருமான அட்டவணையை விட்டுவிட்டால், தொடங்குவதற்கு நேர்மையான இடம் சந்தையின் எடைதான். நிஃப்டி 500 குறியீட்டில் அண்மை ஆண்டுகளில் முதல் 100 நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 70 சதவீதமும், அடுத்த 150க்கு 18 சதவீதத்தை ஒட்டியும், மீதி 250க்குச் சுமார் 12 சதவீதமும் இருந்துவருகின்றன. தனிக் கருத்து எதுவும் இல்லாதவருக்கு 70:20:10 போதும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவகாசமும் நிலையான வருமானமும் உள்ளவர், 2018-20 போன்ற ஒரு காலத்தில் விற்காமல் இருந்தவர் என்றால், 55:25:20 வரை போகலாம். ஸ்மால் கேப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் கொடுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதன் எடை சந்தையிலேயே அவ்வளவு இல்லை. மேற்கண்ட கணக்கில் 30:30:40 என்று பிரித்தவரின் இழப்பில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வந்தது.

எழுதி வைத்த விகிதமும் கையில் உள்ள விகிதமும் ஒன்றா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாதம் 20,000 ரூபாயில் 10,000 நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கும், 6,000 மல்ட்டி கேப்புக்கும், 4,000 ஸ்மால் கேப்புக்கும் போகிறது என்று கொள்வோம். முதலீட்டாளர் தன் ஸ்மால் கேப் பங்கு 20 சதவீதம் என்று நினைக்கிறார். மல்ட்டி கேப்பில் குறைந்தது 1,500 ஸ்மால் கேப்பில் இருக்கும். மேலாளர் நினைத்தால் 3,000 வரை இருக்கலாம். ஸ்மால் கேப் ஃபண்டிலோ 2,600 முதல் முழு 4,000 வரை. ஆக உண்மையான பங்கு 20.5 சதவீதத்திலிருந்து 35 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். ஒவ்வொரு ஃபண்டும் மாதம்தோறும் வெளியிடும் அறிக்கையில் பிரிவுவாரி எடை இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கூட்டிப் பார்த்தால் போதும்.

விகிதம் ஐந்து சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகினால் சரிசெய்யலாம். விற்றுச் சரிசெய்தால் வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு சார்ந்த ஃபண்டுகளின் லாபத்தில், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 12.5 சதவீதம். எனவே எடை குறைந்த பிரிவுக்குப் புதிய எஸ்.ஐ.பி. பணத்தைத் திருப்பிவிடுவது முதல் வழி. அது போதாதபோது, வரிவிலக்கு வரம்புக்குள் ஆண்டுதோறும் சிறிது விற்பது அடுத்த வழி.

இலக்கு நெருங்கும்போது ஸ்மால் கேப்பிலிருந்துதான் முதலில் வெளியேற வேண்டும். 2008 ஜனவரியில் 14,000ஐத் தாண்டி நின்ற பி.எஸ்.இ. ஸ்மால் கேப் குறியீடு, 2009 மார்ச்சில் 3,000க்குக் கீழே போனது. பழைய உச்சத்தை மறுபடி எட்டியது 2017இல். மகளின் மேற்படிப்புக்கோ ஓய்வுக்காலத்துக்கோ பணம் தேவைப்படும் ஆண்டு தெரிந்திருந்தால், அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பே இந்தப் பிரிவின் எஸ்.ஐ.பி.யை நிறுத்தி, இருப்பை ஆண்டுக்கு ஒரு பகுதியாக லார்ஜ் கேப்புக்கும், கடைசி மூன்று ஆண்டுகளில் கடன் ஃபண்டுக்கும் மாற்றத் தொடங்கலாம்.